கணிப்பைக் கேட்காத விலை

ஒரு பங்கின் இன்றைய விலை 500 ரூபாய். ஓராண்டு கழித்து அது 640 ஆகலாம், அல்லது 440-க்கு இறங்கலாம். இந்த இரண்டைத் தவிர மூன்றாவது விலை கிடையாது என்று இப்போதைக்கு வைத்துக்கொள்வோம். அந்தப் பங்கை ஓராண்டு முடிவில் 540 ரூபாய்க்கு வாங்கிக்கொள்ளும் உரிமையை ஒருவர் இன்று விற்கிறார். இந்த உரிமைக்குத்தான் சந்தையில் 'கால் ஆப்ஷன்' என்று பெயர். 540 ரூபாய் அதன் ஸ்ட்ரைக் விலை. உரிமையை வாங்குகிறவர் கொடுக்கும் தொகை பிரீமியம்.

மனை வாங்கக் கொடுக்கும் அட்வான்ஸ் போன்றதுதான் இது என்று தோன்றும். ஆனால் அட்வான்ஸைக் கடைசியில் மனை விலையில் கழித்துக்கொள்வார்கள். பிரீமியம் அப்படியல்ல; கொடுத்தால் கொடுத்ததுதான். பங்கு 640 ஆனால் உரிமைக்காரருக்குப் பங்கு ஒன்றுக்கு 100 ரூபாய் மிஞ்சும். 440 ஆனால் கடையில் மலிவாகக் கிடைப்பதை யாரும் 540 கொடுத்து வாங்க மாட்டார்கள்; உரிமைச் சீட்டு வெறும் தாளாகிவிடும்.

அப்படியானால் நியாயமான பிரீமியம் எவ்வளவு?

பங்குமீது நம்பிக்கை உள்ளவர், "ஏறுவதற்கு 80 சதவீத வாய்ப்பு இருக்கிறது" என்பார். 100 ரூபாயில் 80 சதவீதம் 80 ரூபாய். ஆண்டு வட்டி 10 சதவீதம் என்றால் அதன் இன்றைய மதிப்பு சுமார் 72 ரூபாய் 70 பைசா. ஆகவே 72 ரூபாய் கொடுக்கலாம் என்பது அவர் கணக்கு. நம்பிக்கை இல்லாதவர் பாதிக்குப் பாதிதான் வாய்ப்பு என்பார். அவர் 45 ரூபாய்க்கு மேல் தரமாட்டார். இருவரும் விடிய விடிய வாதிடலாம். ஆனால் சரியான விலை 50 ரூபாய். அதைக் கண்டுபிடிக்க இருவருடைய கணிப்பும் தேவையில்லை.

வழி இதுதான்: ஆப்ஷனுக்கு விலை போடுவதை விட்டுவிட்டு, அதே பலனைத் தரும் ஒரு நகலைச் செய்து, அந்த நகலுக்கு ஆகும் செலவைப் பார்ப்பது. நகலுக்கு வேண்டிய சரக்கு இரண்டே இரண்டு: கொஞ்சம் பங்கு, கொஞ்சம் கடன்.

ஆயிரம் பங்குகளுக்கான ஆப்ஷனை எடுத்துக்கொள்வோம். பங்கின் இரண்டு விலைகளுக்கும் இடையே 200 ரூபாய் வித்தியாசம். ஆப்ஷனின் பலனிலோ வித்தியாசம் 100 ரூபாய். பங்கு 200 ரூபாய் அசைந்தால் ஆப்ஷன் 100 ரூபாய் அசைகிறது என்பதால், நகலில் பாதிப் பங்கு இருந்தால் போதும். அதாவது 500 பங்குகள். விலை 2,50,000 ரூபாய். விலை இறங்கினால் அவற்றின் மதிப்பு 2,20,000 ஆகும். அந்த நிலையில் ஆப்ஷனின் பலன் பூஜ்ஜியம். நகலிலும் பூஜ்ஜியமே மிஞ்ச வேண்டும். எனவே ஆண்டு முடிவில் 2,20,000 திருப்பித் தரவேண்டிய அளவுக்கு இன்று கடன் வாங்க வேண்டும். 10 சதவீத வட்டியில் அந்தக் கடன் 2,00,000 ரூபாய். பாக்கி 50,000 ரூபாய் கைக்காசு.

விலை ஏறினால்? 500 பங்குகளின் மதிப்பு 3,20,000. கடன் 2,20,000 போக 1,00,000 மிஞ்சும். ஆப்ஷன் தருவதும் அச்சாக அதே தொகை. இரண்டு நிலையிலும் ஒரே பலன் தரும் இரண்டு பொருள்களுக்கு இரண்டு விலை நிற்காது. 50,000 ரூபாயில் செய்துவிடக்கூடிய நகல் என்பதால், பங்கு ஒன்றுக்குப் பிரீமியம் 50 ரூபாய்.

நம்பிக்கைக்காரர் பிடிவாதமாக 72 ரூபாய் கொடுத்தால் என்ன நடக்கும்? விவரம் தெரிந்த ஒருவர் அவருக்கு ஆப்ஷனை விற்று 72,000 ரூபாய் வாங்குவார். அதில் 50,000-ஐக் கொண்டு நகலைச் செய்துகொள்வார். ஆண்டு முடிவில் பங்கு ஏறினாலும் இறங்கினாலும் ஆப்ஷன் கணக்கை நகலே தீர்த்துவிடும். மிச்சமான 22,000 ரூபாய் முதல் நாளே அவர் பையில். நம்பிக்கைக்காரரின் கணிப்பு சரியாகவே இருந்தாலும் இந்த 22,000 போனது போனதுதான். அதே பலனை அவரே 50,000 ரூபாயில் செய்திருக்கலாம். விலை 45-ஆக இருந்தால் இதே ஆட்டத்தைத் திருப்பி ஆடலாம்: ஆப்ஷனை வாங்கி, பங்கை ஷார்ட் விற்க வேண்டும். இந்தியாவில் சிறு முதலீட்டாளர் ரொக்கச் சந்தையில் ஷார்ட் விற்றதை அன்றே முடித்தாக வேண்டும் என்பதால், இந்தப் பக்க வேலை கொஞ்சம் சிரமம்.

வாய்ப்பு எங்கே போனது என்ற கேள்வி இன்னும் உறுத்தும். அது பங்கின் 500 ரூபாய்க்குள்ளேயே இருக்கிறது. எல்லோரும் கூடுதல் ஏற்றத்தை எதிர்பார்த்தால் பங்கே 500-ல் நிற்காது. அந்த விலையைத்தான் நகல் பயன்படுத்துகிறது.

இதே 50 ரூபாயை இன்னொரு வழியிலும் அடையலாம். பங்கு சராசரியாக வங்கி வட்டி அளவுக்கே, அதாவது 500-லிருந்து 550-க்கே, வளரும் என்று ஒரு கற்பனை உலகத்தை அமைப்போம். அதற்கு ஏற்றத்தின் வாய்ப்பு என்னவாக இருக்க வேண்டும்? 440-லிருந்து 550-க்கு 110 ரூபாய் தூரம். மொத்தத் தூரம் 200. ஆக 0.55. இப்போது 100 ரூபாயை 0.55-ஆல் பெருக்கினால் 55. அதை ஓராண்டு வட்டிக்குக் கழித்தால், அதாவது 1.10-ஆல் வகுத்தால், 50.

இந்த 0.55-ஐ 'ரிஸ்க் நியூட்ரல் வாய்ப்பு' என்பார்கள். பெயரைக் கேட்டு ஏமாறக் கூடாது. இது யாருடைய கணிப்பும் அல்ல. நகல் கணக்கைச் சுருக்கி எழுதும் ஒரு வசதி, அவ்வளவே. இந்த எண் பூஜ்ஜியத்துக்குக் கீழோ ஒன்றுக்கு மேலோ வந்தால், எடுத்துக்கொண்ட விலைகளிலேயே கோளாறு என்று பொருள். உதாரணமாக, இறங்கும் விலையே 560 என்று போட்டால், கடன் வாங்கிப் பங்கு வாங்குகிற எவருக்கும் நட்டமே வராது. அப்படி ஒரு சந்தை நீடிக்காது.

முறையின் பலவீனம் 'இரண்டே விலை' என்ற முதல் வரியில் இருக்கிறது. ஆண்டு முடிவில் பங்கு 700-ஐத் தொட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஆப்ஷன் விற்றவர் 1,60,000 ரூபாய் தர வேண்டும். நகலில் மிஞ்சுவதோ 3,50,000-த்தில் கடன் போக 1,30,000. துண்டு விழுவது 30,000. விலை அசையாமல் 500-லேயே நின்றால் ஆப்ஷனுக்குப் பலன் இல்லை, ஆனால் நகலில் 30,000 மிஞ்சும். மூன்றாவது விலை வந்தாலே நகல் பிசகுகிறது.

அதற்குக் கண்ட மருந்து, ஓராண்டைப் பல சிறு அடிகளாக வெட்டுவது. ஒவ்வொரு அடியிலும் இரண்டே விலை. ஒவ்வொரு அடி முடிந்ததும் பங்கின் அளவை மாற்றி நகலைத் திருத்த வேண்டும். திருத்தும்போதெல்லாம் தரகும் வரியும் போகும் என்பது ஏட்டுக் கணக்கில் வராது. இந்த இரு விலைக் கருத்து வில்லியம் ஷார்ப் 1978-ல் வெளியிட்ட பாடநூலில் இருந்தது. 1979-ல் ஜான் காக்ஸ், ஸ்டீபன் ராஸ், மார்க் ரூபின்ஸ்டைன் மூவரும் அதை முழு முறையாக வளர்த்தார்கள். அடிகளைச் சிறிதாக்கிக்கொண்டே போனால், பிளாக்கும் ஷோல்ஸும் 1973-ல் கடினமான கணிதத்தின் வழியே அடைந்த சூத்திரத்தில் போய்ச் சேரும் என்று காட்டினார்கள். இன்று ஆப்ஷன் வியாபாரியின் திரையில் 'டெல்டா' என்ற தலைப்பின் கீழ் 0.50 என்று தெரிந்தால், ஆயிரம் பங்கு ஆப்ஷனுக்கு நகலில் வைக்க வேண்டிய அந்த 500 பங்கைத்தான் அது சொல்கிறது.