வீட்டைக் காலி செய்யச் சொல்லி மெயில் வந்தால்

குரோம்பேட்டையில் வாடகைக்கு இருக்கும் ஒரு குடும்பத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். மாத வாடகை 12,000 ரூபாய், அட்வான்ஸ் 60,000. பிப்ரவரி 2ஆம் தேதி ஹவுஸ் ஓனரிடமிருந்து மெயில் வருகிறது: "என் மகள் குடும்பத்தோடு ஊர் திரும்புகிறாள். மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்து தரவும்." குடும்பத்தில் ஒரு பெண் மார்ச்சில் பிளஸ் டூ தேர்வு எழுத வேண்டும்.

பலரும் உடனே "சரி சார்" என்று எழுதிவிடுவார்கள், அல்லது பதிலே போடாமல் இருப்பார்கள். முதலாவது, பிப்ரவரி 28க்கு நாமே ஒப்புக்கொண்டதாக நிற்கும். இரண்டாவது, மெயில் வந்தும் அலட்சியம் செய்தார்கள் என்று பிறகு சொல்ல இடம் கொடுக்கும்.

பதில் எழுதுமுன் வாடகை ஒப்பந்தத்தை எடுத்து இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும்: ஒப்பந்தக் காலம் எப்போது முடிகிறது, காலி செய்யச் சொல்ல எத்தனை மாத முன்னறிவிப்பு தேவை. இந்தக் குடும்பத்தின் ஒப்பந்தம் ஜூன் வரை இருக்கிறது. முன்னறிவிப்பு இரண்டு மாதம் என்றும் இருக்கிறது. அப்படியானால் ஏப்ரல் 2 வரை இருப்பது அவர்கள் உரிமை. அதற்குமேல் ஏப்ரல் 30 வரை கேட்பது வேண்டுகோள். இந்த இரண்டையும் பதிலில் தனித்தனியாக எழுத வேண்டும். எல்லாவற்றையும் கெஞ்சலாக எழுதினால் உரிமையும் சலுகையாகிவிடும்; எல்லாவற்றையும் உரிமையாக எழுதினால் கூடுதல் 28 நாள் கிடைப்பது கடினம்.

ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டவர்கள் நிலை வேறு. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, புதுப்பிக்காமல் தொடர்ந்து குடியிருந்தால் பழைய நிபந்தனைகளிலேயே மாதாமாதம் நீடிப்பதாகக் கருதுவார்கள். அதுவும் அதிகபட்சம் 6 மாதம்தான். முறையாக வாடகை உறவு முடிந்தபின்னும் காலி செய்யாவிட்டால் ஓனர் இரட்டிப்பு வாடகை கேட்கலாம். ஆகவே கூடுதல் காலத்தை வாய்மொழியாக வாங்குவது ஆபத்து.

அந்தக் குடும்பத்தின் பதில் இப்படி இருக்கலாம்:

"வணக்கம் சார். பிப்ரவரி 2ஆம் தேதி நீங்கள் அனுப்பிய மெயில் கிடைத்தது. வீடு உங்கள் மகளுக்குத் தேவை என்பது புரிகிறது. நம் ஒப்பந்தப்படி இரண்டு மாத முன்னறிவிப்பு ஏப்ரல் 2ஆம் தேதி முடிகிறது. என் மகள் மார்ச்சில் பிளஸ் டூ தேர்வு எழுதுவதால், தேர்வு முடிந்து வேறு வீடு பார்க்க ஏப்ரல் 30 வரை அவகாசம் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அதுவரை மாத வாடகை 12,000 ரூபாயை வழக்கம்போல் 5ஆம் தேதிக்குள் அனுப்பிவிடுவேன். அட்வான்ஸில் கழிக்கச் சொல்ல மாட்டேன். ஏப்ரல் 30 அன்று சாவியை ஒப்படைக்கும்போது, கரண்ட் பில் பாக்கி இருந்தால் கழித்துக்கொண்டு 60,000 ரூபாய் அட்வான்ஸைத் திருப்பித் தர இயலுமா? காலி செய்யும் தேதி, அட்வான்ஸ் தரும் தேதி இரண்டையும் இந்த மெயிலுக்குப் பதிலாக உறுதி செய்தால் அதன்படி ஏற்பாடு செய்துகொள்வேன்."

இதில் ஓனர் அஞ்சும் இரண்டு விஷயங்களுக்குப் பதில் இருக்கிறது. காலக்கெடு மீண்டும் மீண்டும் நீளுமோ என்பது ஒன்று. அதற்குத்தான் "இன்னும் கொஞ்ச நாள்" என்று எழுதாமல் ஏப்ரல் 30 என்று தேதி குறிப்பிட்டிருக்கிறார்கள். கடைசி மாதங்களில் வாடகை நின்றுவிடுமோ என்பது இன்னொன்று. அதை வாடகை பற்றிய வரி தீர்க்கிறது.

அட்வான்ஸ் தேதியைக் கேட்பதற்கும் காரணம் உண்டு. புது வீட்டுக்கு அட்வான்ஸ் கட்ட இந்தப் பணம்தான் கைகொடுக்க வேண்டும். பாக்கிகளைக் கழித்து ஒரு மாதத்துக்குள் திருப்பித் தரச் சொல்கிறது அதே சட்டம். சாவி கொடுக்கும் நாளிலேயே கேட்பது அதைவிட முன்கூட்டிய ஏற்பாடு என்பதால், ஓனர் எழுத்தில் ஒப்புக்கொண்டால்தான் அதை நம்பிப் புது வீட்டுக்குத் தேதி சொல்ல முடியும். பெயின்டிங் செலவு கழிப்பது பல இடங்களில் வழக்கம். ஒப்பந்தத்தில் அதற்குத் தொகை இருந்தால் அதையும் மெயிலில் குறிப்பிட்டுவிடுவது நல்லது. கடைசி நாளில் பேரம் நடக்காது.

பெரும்பாலான ஓனர்கள் மெயிலில் பதில் எழுத மாட்டார்கள். போன் செய்து "சரிம்மா, ஏப்ரல் வரைக்கும் இருங்க" என்பார்கள். அப்போது அன்றே இரண்டு வரி அனுப்பிவிட வேண்டும்: "இன்று போனில் பேசியபடி ஏப்ரல் 30 அன்று காலி செய்கிறோம், அன்றே அட்வான்ஸ் தருவதாகச் சொன்னீர்கள். ஏதாவது மாற்றம் இருந்தால் தெரிவியுங்கள்." அதற்கும் பதில் வராவிட்டால் அவர் சம்மதித்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் என்ன பேசினோம் என்பதற்கு அன்றைய தேதியோடு ஒரு பதிவு இருக்கும். மார்ச் நடுவில் இன்னொரு முறை நினைவூட்டுங்கள். அதற்கும் உறுதி கிடைக்காவிட்டால் ஏப்ரல் 2ஐயே கெடுவாக வைத்து வீடு தேடத் தொடங்குவதுதான் பாதுகாப்பு.