திரும்பும் நேரத்தின் கணக்கு

மலையேறக் கிளம்பும் குழுவில் முதலில் எழும் கேள்வி, "உச்சிக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம்?" என்பதுதான். மலையில் பழகியவர்கள் அந்தக் கேள்வியைத் தலைகீழாகக் கேட்பார்கள்: எத்தனை மணிக்குள் கீழே இருக்க வேண்டும்? அங்கிருந்து பின்னோக்கிக் கழித்துக்கொண்டே வந்தால் ஒரு நேரம் கிடைக்கும். அந்த நேரம் வந்ததும், உச்சி இன்னும் நூறு மீட்டர் தள்ளி இருந்தாலும், ஏற்றம் முடிந்தது. மலையேறிகள் இதை 'டர்ன்அரவுண்ட் டைம்' என்கிறார்கள். நாம் திரும்பும் நேரம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

கணக்கின் கடைசி முனை சூரியன் என்பதால் அங்கிருந்தே தொடங்குவோம். போடிநாயக்கனூருக்கு மேற்கே, குரங்கணிப் பக்கம், கிழக்குப் பார்த்த மலைச்சரிவு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அங்கே வருடத்திலேயே சூரியன் மிகச் சீக்கிரம் மறைவது எப்போது? மார்கழியில் என்றுதான் பலரும் சொல்வார்கள், ஏனென்றால் பகல் மிகக் குறைவாக இருப்பது டிசம்பர் 21-ஐ ஒட்டி. ஆனால் அன்று போடியில் சூரியன் மறைவது மாலை 6.05 வாக்கில். கார்த்திகை பிறக்கும் நாட்களில், அதாவது நவம்பர் நடுவில், 5.55-க்கே மறைந்துவிடுகிறது. பொங்கலன்று 6.17 ஆகிவிடும்.

இதற்குக் காரணம் நண்பகல் நகர்வது. சூரியன் உச்சத்தில் நிற்கும் நேரம் கடிகாரத்தில் தினமும் ஒன்றாக இருப்பதில்லை. ஜனவரி தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவதால் அந்தப் பருவத்தில் தன் பாதையில் வேகமாக ஓடுகிறது. அதே சூரியனை மறுபடி நேருக்கு நேர் பார்க்க, கொஞ்சம் கூடுதலாகச் சுழல வேண்டியிருக்கிறது. பூமியின் அச்சு சாய்ந்திருப்பதும் அதே திசையில் சேர்ந்துகொள்ள, டிசம்பர் கடைசியில் ஒரு நண்பகலுக்கும் அடுத்த நண்பகலுக்கும் இடையே 24 மணி நேரத்தைவிட ஏறக்குறைய அரை நிமிடம் அதிகம். போடியில் நவம்பர் நடுவில் 12.05-க்கு வரும் நண்பகல், பொங்கலுக்குள் 12.30-ஐத் தொட்டுவிடுகிறது. பகல் சுருங்கினாலும், மொத்தப் பகலுமே பின்னால் தள்ளிப்போவதால் மாலை நீள்கிறது. கார்த்திகையில் மலைக்குக் கிளம்புகிறவர்களுக்குத்தான் வருடத்தின் மிகக் குறுகிய மாலை வாய்க்கிறது.

சூரியன் மறைந்த பிறகு எவ்வளவு நேரம் வெளிச்சம் இருக்கும்? நம் ஊரில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக விழுகிறது. அடிவானத்துக்குக் கீழே 6 பாகை இறங்கும் வரையில்தான் திறந்த வெளியில் தரை தெரியும். அந்த 6 பாகையை இங்கே சுமார் 22 நிமிடத்தில் கடந்துவிடுகிறது. ஸ்காட்லாந்தில் அது அடிவானத்தை உரசிக்கொண்டே சாய்வாக இறங்குவதால், டிசம்பரில் இதே தூரத்துக்கு முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்ளும்.

மலையேறிகளிடையே உலவும் ஒரு விரல் கணக்கு இங்கேதான் ஏமாற்றுகிறது. கையை நீட்டி, சூரியனுக்கும் அடிவானத்துக்கும் இடையே எத்தனை விரல் அடங்குகிறது என்று பார்க்க வேண்டும். விரலுக்குக் கால் மணி, நான்கு விரலுக்கு ஒரு மணி என்பார்கள். நீட்டிய கையில் நான்கு விரல் என்பது சுமார் 7 பாகை. ஸ்காட்லாந்தில் மார்ச் மாதச் சூரியன் மணிக்கு 8 பாகை வேகத்தில் இறங்குவதால் அங்கே கணக்கு ஓரளவு ஒத்துவரும். நமக்கோ அது மணிக்கு 14 பாகைக்குக் குறையாமல் இறங்குகிறது. நான்கு விரல் வெளிச்சம் இருக்கிறது என்று நம்பி உட்கார்ந்திருப்பவருக்கு உண்மையில் மீதம் இருப்பது அரை மணி நேரம். இந்தக் கணக்கை இங்கே யாராவது சொல்லித்தந்தால் பாதியாக்கிக்கொள்ளுங்கள்.

கிழக்குப் பார்த்த சரிவில் இன்னொரு சிக்கலும் உண்டு. பாதையில் நின்று மேற்கே பார்த்தால் மலைமுகடு அடிவானத்துக்கு மேலே 20 பாகை உயரத்தில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கார்த்திகையில் சூரியன் அந்த முகட்டுக்குப் பின்னால் போவது நாலரை மணிக்கு முன்பே. வானம் வெளிச்சமாகத்தான் இருக்கும், ஆகவே இதை இருட்டு என்று சொல்ல முடியாது. ஆனால் சோலைக்காட்டுக்குள் நுழைந்ததும் அந்த வான வெளிச்சமும் வடிகட்டப்பட்டு, வேரும் கல்லும் ஒரே நிறமாகிவிடும். நெற்றி விளக்கைப் போட்டுக்கொண்டால் வேறு தொல்லை: ஒளி கண்ணுக்குப் பக்கத்திலிருந்தே போவதால் நிழல் விழாது, படியின் ஆழம் பிடிபடாது. யானையும் காட்டுமாடும் நடமாடும் நேரமும் அதுவே. ஆகவே பாதையின் கடைசிப் பகுதி காடாக இருந்தால், அஸ்தமனத்துக்கு அரை மணி நேரம் முன்பையே இருட்டும் நேரமாக வைத்துக்கொள்வது நல்லது. நம் சரிவுக்கு அது 5.25. யாருக்காவது கால் பிசகலாம், ஓடையில் தண்ணீர் ஏறியிருக்கலாம். அதற்கு ஒரு மணி நேரம் போலத் தள்ளி, 4.30-க்குக் கீழே இருப்பதாகத் திட்டமிடுவோம்.

இனி ஏற்றமும் இறக்கமும். காலை 7 மணிக்குக் கிளம்பினால் 4.30 வரை ஒன்பதரை மணி நேரம். உச்சியில் சாப்பாட்டுக்கு முக்கால் மணி போனால், நடப்பதற்கு எட்டே முக்கால் மணி. இதை ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் எப்படிப் பிரிப்பது? இந்தக் கட்டத்தில் வேகம் தேவையே இல்லை என்பதுதான் வேடிக்கை. ஏறிய நேரத்தில் எத்தனை பங்கு இறங்க ஆகும் என்ற ஒரு விகிதம் போதும். முக்கால் பங்கு என்று எடுத்துக்கொண்டால், எட்டே முக்காலை ஒன்றே முக்காலால் வகுக்க வேண்டும். விடை சரியாக 5 மணி நேரம். ஆக, திரும்பும் நேரம் நண்பகல் 12. முக்கால் மணி ஓய்வு, மூன்றே முக்கால் மணி இறக்கம், 4.30-க்கு அடிவாரம். வேகமாக நடப்பவருக்கும் மெதுவாக நடப்பவருக்கும் இதே 12 மணிதான். வேகம் தீர்மானிப்பது, 12 மணிக்கு ஒருவர் மலையில் எங்கே இருப்பார் என்பதை மட்டுமே.

விகிதம் ஏன் முக்கால், ஏன் பாதி இல்லை? இறங்குவது எளிது என்ற நினைப்பு சமதரைக்காரர்களுடையது. பிரிட்டிஷ் மலையேற்றப் பயிற்சியாளர் எரிக் லாங்முயர், தூரத்தை வைத்துப் போடும் நடை நேரத்துக்கு இறக்கத்தில் ஒரு திருத்தம் தந்தார்: மென்மையான சரிவில் 300 மீட்டர் இறக்கத்துக்கு 10 நிமிடம் கழிக்க வேண்டும், செங்குத்தான சரிவில் அதே இறக்கத்துக்கு 10 நிமிடம் கூட்ட வேண்டும். அளவுக்கு மீறிச் சரிந்தால் மலை நம்மை வேகப்படுத்துவதில்லை, தடுத்து நிறுத்துகிறது. ஏறும்போதே இதைக் கவனிக்கலாம். கையை ஊன்றி ஏறிய ஒவ்வோர் இடமும் இறங்கும்போது ஏறியதைவிட அதிக நேரம் பிடிக்கும். அப்படிப்பட்ட இடங்கள் நிறைய வந்தாலோ, பாறை ஈரமாக இருந்தாலோ, நடுவில் இறங்கி மறுபடி ஏறும் பாதையாக இருந்தாலோ விகிதத்தை ஒன்று என்றே வைக்க வேண்டும். அப்போது எட்டே முக்காலில் பாதி, ஏறக்குறைய 4 மணி 22 நிமிடம்; திரும்பும் நேரம் 11.22. தெரியாத மலைக்கு நான் எப்போதும் ஒன்று என்றே வைப்பேன்.

12 மணிக்குள் உச்சியைத் தொட முடியுமா என்பதற்குத்தான் தூரமும் வேகமும். இதற்கு 1892-இல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி, மூன்று சிகரங்களை ஒரே நாளில் கடந்த தன் நடையைப் பற்றி எழுதிய சின்னக் குறிப்பில் ஒரு வழி சொன்னார். மொத்தம் 10 மைல், 6,300 அடி ஏற்றம், ஆறரை மணி நேரம். மூன்று மைலுக்கு ஒரு மணி, அதோடு 2,000 அடி ஏற்றத்துக்கு ஒரு மணி என்று கூட்டினால் இந்த ஆறரை மணி அப்படியே வந்துவிடும். இன்றும் பலர் இதைப் பயன்படுத்துகிறார்கள். மீட்டரில் சொன்னால் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி. ஆனால் அது குளிர்நாட்டில், கட்டுமஸ்தான ஒருவரின் கால்கள் எழுதிய கணக்கு. நம் வெயிலில், ஆறு பேர் கொண்ட குழுவுக்கு, அது அளவுகோலாக உதவும், விடையாக உதவாது.

எப்படி என்று பார்ப்போம். நம் பாதை உச்சிக்கு 7 கிலோமீட்டர், ஏற்றம் 1,000 மீட்டர் என்று கொள்வோம். நெய்ஸ்மித் கணக்கில் தூரத்துக்கு 84 நிமிடம், ஏற்றத்துக்கு 100 நிமிடம், மொத்தம் 184. வழியில் 3 கிலோமீட்டரில், 400 மீட்டர் ஏறியதும் ஒரு சமதளம் வருகிறது. அதுவரைக்கும் கணக்கு 76 நிமிடம். குழு அங்கே வந்து சேரும்போது மணி 8.50, அதாவது 110 நிமிடம் ஆகியிருக்கிறது. நின்று தண்ணீர் குடித்தது, படம் எடுத்தது, அட்டை பிடுங்கியது எல்லாம் இதற்குள் அடக்கம். 110-ஐ 76-ஆல் வகுத்தால் சுமார் 1.45. இன்றைக்கு, இந்தக் குழுவுக்கு, இந்தப் பாதையில் நெய்ஸ்மித்தின் ஒரு நிமிடம் என்பது நமக்கு 1.45 நிமிடம். மீதமுள்ள 108 நிமிடம் 156 ஆகிறது. உச்சி 11.26-க்கு. மேலே போகப் போகக் கால் சோர்ந்து விகிதம் 1.7 ஆனாலும் 11.54-க்குப் போய்விடலாம். தொடரலாம்.

இதே குழு ஜீப் வராமல் 8 மணிக்குக் கிளம்பியிருந்தால்? திரும்பும் நேரமும் ஒரு மணி தள்ளிப்போகும் என்று மனம் கணக்குப் போடும். ஆனால் அஸ்தமனம் தள்ளிப்போகவில்லை. ஏழே முக்கால் மணியை ஒன்றே முக்காலால் வகுத்தால் 4 மணி 26 நிமிடம்தான். திரும்பும் நேரம் 12.26. இழந்த ஒரு மணியில் 26 நிமிடமே திரும்பக் கிடைக்கிறது. 1.45 வேகத்தில் உச்சியைத் தொடுவதும் சரியாக 12.26-க்கு. சோர்வுக்கு ஒரு நிமிடம்கூட இடமில்லை.

இந்தக் குழுவில் பெரும்பாலும் தகராறு வருவது 12.26 வாக்கில்தான். உச்சி கண்ணுக்குத் தெரியும், "இன்னும் பத்து நிமிடம்" என்பார் ஒருவர். அந்தப் பத்து நிமிடத்துக்கு வட்டி உண்டு: மேலே போக 10, அதையே இறங்க ஏழரை, ஆகப் பதினேழரை நிமிடம் மாலையிலிருந்து கழிகிறது. அதோடு, கீழிருந்து பார்க்கும்போது உச்சியாகத் தெரிவது பல நேரங்களில் உச்சியே அல்ல. அதன் முதுகில் ஏறியதும் பின்னால் இன்னொன்று தலைகாட்டும். அப்படி மூன்று முறை 'பத்து நிமிடம்' கேட்டால் 52 நிமிடம் போய்விடும். கால் பிசகினால் இருக்கட்டும் என்று காலையில் ஒதுக்கிய நேரம் யாருக்கும் கால் பிசகாமலேயே தீர்ந்துபோய், குழு கடைசிக் காட்டுப் பகுதியை விட்டு வெளியே வரும்போது மணி 5.22 ஆகியிருக்கும்.