ஒரே ஆய்வேடு... இரண்டு ரிசல்ட்! ஏஐ டிடெக்டரில் 'துண்டு அளவு' செய்யும் வேலை என்ன?

60,000 வார்த்தைகள் கொண்ட ஒரு பிஎச்.டி ஆய்வேட்டை, 'இது ஏஐ எழுதியதா?' என்று கண்டுபிடிக்கும் டிடெக்டரில் போடுகிறார்கள். ஒரு முறை 'மூன்று இடங்களில் ஏஐ' என்று வருகிறது. செட்டிங்கில் ஒரே ஒரு எண்ணை மாற்றிவிட்டு மறுபடி போட்டால், 'எதுவும் இல்லை' என்கிறது. ஆய்வேட்டில் ஒரு கமா கூட மாறவில்லை. மாறியது துண்டு அளவு மட்டும்தான். ஒரு மாணவரின் பட்டமே இந்த ரிசல்ட்டை நம்பி நிற்கும்போது, அந்த எண் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

ஏன் துண்டு போடணும்?

பெரும்பாலான டிடெக்டர்களால் ஒரு புத்தகத்தை மொத்தமாகப் படிக்க முடியாது. உதாரணமாக, 2019-ல் ஓப்பன்ஏஐ வெளியிட்ட ஜிபிடி-2 டிடெக்டர், 'ரொபெர்டா' என்ற மாடலின் மேல் கட்டப்பட்டது. அது ஒரு தடவைக்கு 512 டோக்கன்கள் வரைதான் படிக்கும். டோக்கன் என்பது வார்த்தை அல்லது வார்த்தையின் ஒரு பகுதி. ஆங்கிலத்தில் 512 டோக்கன் என்றால் சுமார் 400 வார்த்தைகள். அதைவிட நீளமாகக் கொடுத்தால், முதல் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு மொத்தத்துக்கும் தீர்ப்பு சொல்லிவிடும்.

தமிழில் நிலைமை இன்னும் மோசம். இந்த மாடல் எழுத்துகளை பைட்களாக உடைத்துப் படிக்கிறது. 'அம்மா' என்ற சின்ன சொல்லே கணினிக்குள் 15 பைட். ஆங்கிலத்தை வைத்துப் பழகிய மாடல் என்பதால், தமிழ் வார்த்தை ஒவ்வொன்றும் பல டோக்கன்களை விழுங்கிவிடும். ஆங்கிலத்தில் ஒரு பக்கம் படிக்கும் இடத்தில், தமிழில் ஒரு பத்திக்குள்ளேயே இடம் தீர்ந்துவிடும்.

அதனால்தான் ஆவணத்தைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மார்க் போட்டு, கடைசியில் சேர்க்கிறார்கள். டர்னிட்டினும் சில நூறு வார்த்தைகள் கொண்ட துண்டுகளாகப் பிரித்துத்தான் கணக்கிடுவதாகச் சொல்கிறது. எந்த அளவில் வெட்டுவது என்பதில்தான் பிரச்னையே.

சின்னதா வெட்டினா என்ன ஆகும்?

ஒரு நாணயத்தை 10 முறை சுண்டி 7 முறை தலை விழுந்தால் யாரும் ஆச்சரியப்பட மாட்டோம். 1,000 முறை சுண்டி 700 முறை தலை விழுந்தால், நாணயத்தில் ஏதோ கோளாறு என்று சந்தேகம் வரும். டிடெக்டருக்கும் இதே கதைதான். அடுத்தடுத்த வார்த்தைகள் எவ்வளவு எளிதாக ஊகிக்கும்படி இருக்கின்றன என்பது போன்ற தடயங்களைத்தான் அது சேர்க்கிறது. 50 வார்த்தையில் தடயம் குறைவு. தற்செயலே தீர்ப்பை முடிவு செய்துவிடும்.

இரண்டாவது சிக்கல், எண்ணிக்கை. மனிதர் எழுதிய துண்டை 'ஏஐ' என்று தவறாகச் சொல்லும் வாய்ப்பு வெறும் 1% என்று வைத்துக்கொள்வோம். நம்ம 60,000 வார்த்தை ஆய்வேட்டை 200 வார்த்தைகளாக வெட்டினால் 300 துண்டுகள். முழுக்க முழுக்கச் சொந்தமாக எழுதியவருக்கும் சராசரியாக 3 துண்டு சிவப்பாக வரும். குறைந்தது ஒன்றாவது சிவப்பாக வரும் வாய்ப்பு சுமார் 95%! அதே ஆய்வேட்டை 2,000 வார்த்தைகளாக வெட்டினால் 30 துண்டுகள்தான். அந்த வாய்ப்பு 26% ஆகக் குறைகிறது. 'ஒரு துண்டு சிவந்தாலும் மொத்த ஆய்வேடும் சந்தேகம்' என்று ஒரு பல்கலைக்கழகம் விதி வைத்தால், யார் எழுதினார்கள் என்பதைவிட எப்படி வெட்டினார்கள் என்பதே முடிவை எழுதிவிடும்.

அப்போ பெருசா வெட்டிடலாமா?

அதிலும் ஆபத்து உண்டு. இன்னொரு மாணவர் 60,000 வார்த்தையில் 600 வார்த்தையை மட்டும் ஏஐயிடம் வாங்கி ஒட்டியிருக்கிறார் என்று வைப்போம். 2,000 வார்த்தைத் துண்டுக்குள் அது வெறும் 30%. மீதி 70% அவரே எழுதியது. டிடெக்டர் மொத்தத் துண்டுக்கும் ஒரே மார்க் போடுவதால், குழம்பில் தண்ணீர் ஊற்றியதுபோல தடயம் நீர்த்துப்போகும். ரிசல்ட்: 'ஏஐ இல்லை'.

சரி, 600 வார்த்தையாகவே வெட்டினால்? வெட்டு சரியாக அந்தப் பகுதியின் நடுவில் விழுந்தால், 300 வார்த்தை ஒரு துண்டுக்கும் 300 அடுத்த துண்டுக்கும் போய்விடும். இரண்டுமே பாதிப் பாதி, இரண்டுமே தப்பிக்கலாம். இதைத் தடுக்கத்தான் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று படியும்படி வெட்டுகிறார்கள். முதல் துண்டு 1 முதல் 600 வரை, அடுத்தது 301 முதல் 900 வரை என்று போகும். ஆனால் இதில் துண்டுகளின் எண்ணிக்கை ஏறக்குறைய இரட்டிப்பாகும். தவறான சிவப்புக்கான வாய்ப்பும் கூடும். நடுவில் இருக்கும் ஒரே பத்தி இரண்டு துண்டுகளில் வருவதால், ஒரே சந்தேகம் இரண்டு சந்தேகமாகத் தெரியும்.

நிஜ சிவப்பா, பொய் சிவப்பா?

இப்போது இருவரையும் 200 வார்த்தை அளவில் பார்ப்போம். சொந்தமாக எழுதியவருக்குச் சராசரியாக 3 பொய் சிவப்பு. 600 வார்த்தை ஒட்டியவருக்கு 3 நிஜ சிவப்பு, அதோடு ஏறக்குறைய 3 பொய் சிவப்பு. சதவீதத்தில் பார்த்தால் ஒருவருக்கு 1%, இன்னொருவருக்கு 2%. இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்து யாரையும் பிடிக்கவும் முடியாது, விடவும் முடியாது.

வித்தியாசம் தெரிவது, சிவப்பு எங்கே இருக்கிறது என்பதில். ஒட்டிய பகுதி அடுத்தடுத்த துண்டுகளில் கொத்தாக வரும். தற்செயலான சிவப்பு ஆய்வேடு முழுக்கச் சிதறிக் கிடக்கும். அடுத்த சோதனை, 200, 300, 400 என்று அளவை மாற்றி மறுபடி ஓட்டுவது. நிஜமான பகுதி பெரும்பாலும் அதே பக்கத்திலேயே நிற்கும். பொய் சிவப்பு காணாமல் போகும், அல்லது வேறு பக்கத்துக்குத் தாவும். இதிலும் ஒரு எச்சரிக்கை இருக்கு. வரையறைகள், ஆய்வு முறை விளக்கம் போன்ற அத்தியாயங்களில் எல்லோரும் ஒரே மாதிரி வாக்கியங்களைத்தான் எழுதுவார்கள். அங்கே பொய் சிவப்பே கொத்தாக வரலாம். ஆகவே கொத்து என்பது விசாரிக்க ஒரு காரணம் மட்டுமே. குற்றத்துக்கு ஆதாரம் இல்லை.

நிறுவனங்களே இந்த வரம்பை ஒப்புக்கொண்டிருக்கின்றன. 300 வார்த்தைக்குக் குறைந்ததை டர்னிட்டின் கணக்கில் எடுப்பதில்லை. 20%-க்குக் கீழே வந்தால் எண்ணைக் காட்டாமல் நட்சத்திரக் குறி போடுகிறது. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 2023 ஆகஸ்ட்டில் இந்த வசதியையே நிறுத்தியது. ஆண்டுக்கு 75,000 கட்டுரைகள் என்றால், 1% தவறு கூட 750 கட்டுரைகள் என்று அது கணக்குச் சொன்னது. ஒரு பல்கலைக்கழகத்துக்குக் கட்டுரைகளின் எண்ணிக்கை செய்வதை, ஒரு நீண்ட ஆய்வேட்டுக்குள் துண்டுகளின் எண்ணிக்கை செய்கிறது.

ரிப்போர்ட் கைக்கு வந்தால் என்ன கேட்கணும்?

நான்கு கேள்விகள் போதும். எத்தனை வார்த்தைகளாக வெட்டினீர்கள்? துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றனவா? மொத்த மார்க் சராசரியா, அல்லது அதிக மார்க் வாங்கிய ஒரே துண்டா? வேறு அளவில் ஓட்டினாலும் அதே பக்கங்கள்தான் சிவப்பாக வருகின்றனவா? கடைசிக் கேள்விக்கு 'ஓட்டிப் பார்க்கலை' என்று பதில் வந்தால், சோதனை இன்னும் முடியவில்லை என்று அர்த்தம்.