மூன்று நிமிட அறிமுகம்

சென்ற பொங்கல் விழாவின்போது நம் சங்கத்தார் என்னிடம் ஒரு சிறு வேலையை ஒப்படைத்தனர். புனேயில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றைச் சேர்ந்த 11 வயதுச் சிறுமி, தன் வயதினருக்கான சதுரங்கப் போட்டியில் முதலாவதாக வந்திருந்தாள். அவளை மேடையில் நம் மாணவர்க்கு அறிமுகம் செய்ய வேண்டும். மூன்று நிமிடம் போதும் என்றனர். மூன்று நிமிடம்தானே என்று நானும் ஒப்புக்கொண்டேன்.

அன்றிரவே விடுதியில் அமர்ந்து எழுதிவிட்டேன். இப்போது அந்தத் தாளைப் பார்த்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. "புனே தந்த பெண் ஆனந்த்", "மேதை", "நாளைய உலக வாகையர்", "தமிழினத்தின் தவப்புதல்வி" என்று அடுக்கியிருந்தேன். இவ்வளவு எழுதியும், அவள் எத்தனை ஆட்டம் ஆடினாள், யாரோடு ஆடினாள் என்ற செய்தி ஒரு வரி கூட அதில் இல்லை. எனக்கு அது தெரியாது என்பதே உண்மை.

அதைக் கேட்டறியத்தான் மறுநாள் அவள் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினேன். எழுதியதைப் படித்துக் காட்டினேன். அவள் தந்தை மகிழ்ந்தார். சிறுமி மட்டும் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அண்ணா, நான் தனியா ஜெயிக்கலே. இன்னொரு பொண்ணும் ஏழரைதான். டைபிரேக்லதான் எனக்கு வந்தது. அவளும் என் பிரெண்டு. அவ விழாவுக்கு வருவா" என்றாள்.

ஒன்பது சுற்றில் இருவருக்கும் ஏழரைப் புள்ளி. புள்ளி சமமானால், அவரவர் எதிர்த்து ஆடியவர்கள் எடுத்த புள்ளிகளைக் கூட்டிப் பார்க்கும் முறை ஒன்று உண்டு. அந்தக் கூட்டலில் இவள் முந்தினாள். தோழி அவையில் அமர்ந்திருக்க, நான் மேடையில் நின்று "ஈடு இணையற்ற" என்று முழங்கியிருந்தால், அந்தக் குழந்தை எங்கே பார்ப்பாள்? தன் காலணியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

நண்பர்களே, நான் எழுதியதில் பொய் என்று எதுவும் இல்லை. எனினும் குற்றம் இருந்தது. அது எங்கே இருந்தது என்று தேடிப் பார்த்தபோது எனக்குத் துணை வந்தது குகேஷின் கதை.

சென்னையில் 2006 மே 29 அன்று பிறந்த தொ. குகேஷ், 2019 சனவரி 15 அன்று தில்லியில் நடந்த போட்டியில் கிராண்ட்மாஸ்டர் தகுதியை அடைந்தார். அப்போது அவருக்கு வயது 12 ஆண்டு, 7 திங்கள், 17 நாள். மிக இளம் வயதில் அப்பட்டம் பெற்றவர் என்ற பெயர் அன்று செர்கேய் கர்யாக்கினிடம் இருந்தது. அவர் 2002-இல் சரியாக 12 ஆண்டு 7 திங்களில் பெற்றவர். ஆகவே குகேஷை அறிமுகம் செய்தவர்களுள் பலர், "17 நாளில் சாதனையைத் தவறவிட்ட சிறுவன்" என்றே தொடங்கினர். எவ்வளவு விந்தை பாருங்கள்! உலகில் ஒருவரைத் தவிர வேறு எவரும் அந்த வயதில் எட்டாத ஒன்றை எட்டிய பிள்ளையை, தவறவிட்டவன் என்று அறிமுகம் செய்தார்கள். பாராட்டத்தான் வந்தார்கள். ஆனால் வந்த இடத்தில் ஒரு குறையைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

ஆர். பிரக்ஞானந்தாவும் இதே சுமையைச் சுமந்தவர்தான். 2016-இல் 10 வயதில் சர்வதேச மாஸ்டர் ஆனார். அவ்வயதில் அதற்கு முன் எவரும் ஆனதில்லை. அன்றிலிருந்தே "கர்யாக்கினை முந்துவாரா?" என்ற கேள்வி அவரைத் துரத்தியது. 2018 மார்ச்சில் அந்தக் கெடு கடந்தது. சூன் திங்களில் இத்தாலியில் கிராண்ட்மாஸ்டர் ஆனபோது "உலகில் இரண்டாமவர்" என்றார்கள். ஏழு திங்களுக்குள் குகேஷ் வந்தார். "இரண்டாமவர்" என்ற அறிமுகம் இனிப் பொருந்தவில்லை. 2021 சூனில் அமெரிக்காவின் அபிமன்யு மிஸ்ரா கர்யாக்கினையே முந்தினார்; எல்லாரும் ஒவ்வொரு படி இறங்கினர். பிரக்ஞானந்தா இத்தாலியில் ஆடிய ஆட்டத்தில் ஒரு காய் கூட இடம் மாறவில்லை. வேறு எங்கோ வேறு ஒரு பிள்ளை ஆடியதால் இவருடைய அறிமுகம் பழசாகிப் போயிற்று.

இந்த வயதுக் கணக்கு எதை அளக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கிராண்ட்மாஸ்டர் ஆவதற்கு 2500 தரப்புள்ளி வேண்டும். அத்துடன், 2600 தரத்துக்கு இணையாக ஆடினார் என்று காட்டும் 'நார்ம்' மூன்று வேண்டும். நார்ம் தரத்தக்க போட்டி எல்லா ஊரிலும் நடப்பதில்லை. வேற்று நாட்டு ஆட்டக்காரர்களும் பட்டம் பெற்றவர்களும் போதிய அளவு கலந்துகொள்ள வேண்டும். எனவே பிள்ளை பயணம் செய்ய வேண்டும். உடன் ஒருவர் செல்ல வேண்டும். குகேஷின் தந்தை காது மூக்கு தொண்டை மருத்துவர். மகனோடு ஊர் ஊராகச் செல்வதற்காகத் தம் தொழிலை நிறுத்தி வைத்தார். நுண்ணுயிரியல் துறையில் பணி செய்த தாயின் வருவாயில் குடும்பம் நடந்தது. 12 வயது 7 திங்கள் என்ற எண்ணுக்குள் இந்தச் செலவும் விடுப்பும் அடங்கியிருக்கின்றன. அதைப் பிள்ளையின் மூளையின் அளவாக மட்டும் நாம் படிக்கிறோம்.

அப்படியானால் அவரைப் பற்றி அன்று என்ன சொல்லியிருக்கலாம்? எனக்குப் பிடித்த செய்தி ஒன்று உண்டு. 2017 முதல் அவருக்குப் பயிற்சி அளித்த விஷ்ணு பிரசன்னா, 2500 தரப்புள்ளியைத் தாண்டும்வரை கணினியைக் கொண்டு ஆட்டத்தை ஆராய வேண்டாம் என்று வைத்திருந்தார். உலகில் மற்றப் பிள்ளைகள் எல்லாம் கணினி காட்டும் நல்ல நகர்த்தலைப் பார்த்துப் பழகிய காலத்தில், இந்தச் சிறுவன் தன் தலையாலேயே கணக்கிட்டுப் பழகினான். இதைச் சொன்னால் கேட்பவனுக்கு ஒன்று விளங்குகிறது. குகேஷுக்கும் பாரம் ஏறவில்லை. நடந்த வேலையைத்தானே சொல்கிறோம்? அதை எவரும் பின்னால் வந்து முந்திவிட முடியாது.

தோல்வியைச் சொல்லலாமா என்று கேட்பீர்கள். சொல்லலாம், அவருக்கு உடன்பாடு இருந்தால். 2022 சென்னை ஒலிம்பியாடில் குகேஷ் தொடர்ந்து எட்டு ஆட்டம் வென்றார். பத்தாம் சுற்றில் அப்துசத்தரோவுடன் வெல்ல வேண்டிய ஆட்டத்தைத் தோற்றார். 2024 ஏப்ரலில் டொராண்டோவில் ஃபிரூஜாவிடம் ஏழாம் சுற்றில் தோற்றார். அதன் பிறகுதான் தனக்குப் புதிய ஊக்கம் பிறந்தது என்று பின்னர் அவரே கூறினார். அப்போட்டியில் முதலாவதாக வந்து, அதே ஆண்டு திசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் திங் லிரேனை வென்று 18 வயதில் உலக வாகையர் ஆனார். இன்று இவை எல்லாம் அழகிய கதை. ஆனால் 12 வயதில் அவரிடம் "நீ உலக வாகையர் ஆவாய்" என்று மேடையில் சொன்னவர் எவரேனும் இருந்தால், அவர் சொன்னது பலித்தது என்பதற்காக அது நல்ல அறிமுகம் ஆகிவிடாது. அதே சொல்லைக் கேட்டு வேறு வழி போன பிள்ளைகள் எத்தனை பேர்!

உளவியலார் இதை ஆராய்ந்திருக்கின்றனர். 1998-இல் அமெரிக்காவில் கிளாடியா முல்லரும் கரோல் டுவெக்கும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சில புதிர்களைக் கொடுத்தனர். முடித்ததும் சிலரிடம் "நீ அறிவாளி" என்றனர். சிலரிடம் "நன்றாக உழைத்தாய்" என்றனர். அடுத்துக் கடினமான புதிர்களைத் தந்தனர், எல்லாரும் திணறினர். அதன் பின் மீண்டும் எளியவற்றைத் தந்தபோது, அறிவாளி எனப்பட்டவர்கள் முன்பைவிடக் குறைவாகவே செய்தனர். வேற்றூர்ப் பிள்ளைக்குத் தம் மதிப்பெண்ணை எழுதச் சொன்னபோது கூட்டி எழுதியவர்களும் அவர்களுள்தான் மிகுதி. பின்னாளில் இதைத் திரும்பச் செய்து பார்த்த அனைவருக்கும் இதே அளவு வேறுபாடு கிடைக்கவில்லை. ஆகவே இதை வேதவாக்காகக் கொள்ள வேண்டாம். ஆனால் மதிப்பெண்ணைக் கூட்டி எழுதிய அந்தப் பிள்ளைகளை என்னால் மறக்க முடியவில்லை. நானும் பத்தாம் வகுப்பில் பள்ளியில் முதல்வனாக வந்தவன். பதினொன்றாம் வகுப்பில் மாமா கேட்டபோது இயற்பியல் மதிப்பெண்ணை எட்டுக் கூட்டிச் சொன்னேன்.

இவ்வளவும் எண்ணிய பின் என் தாளை மீண்டும் எடுத்தேன். ஒவ்வொரு வரியையும் இரண்டு கேள்வி கேட்டேன். முதலாவது, இந்தச் சிறுமியின் பெயரை எடுத்துவிட்டு வேறொரு குழந்தையின் பெயரைப் போட்டால் இவ்வரி அப்படியே நிற்குமா? நின்றால், இவ்வரி இவளைப் பற்றியது அன்று. "மேதை" போயிற்று, "தவப்புதல்வி" போயிற்று. இரண்டாவது, அடுத்த திங்கள் இவள் தோற்றால் இவ்வரி பொய்யாகுமா? ஆகுமென்றால், நாம் அவளிடம் கடன் பத்திரம் எழுதி வாங்குகிறோம். "நாளைய உலக வாகையர்" போயிற்று. "பெண் ஆனந்த்" இரண்டு கேள்வியிலும் விழுந்தது. வைஷாலியே 2025 ஏப்ரலில் நம் புனேயில் நடந்த பெண்கள் கிராண்ட் பிரியில் ஆடவந்தபோது, என் நண்பன் ஒருவன் "பிரக்ஞானந்தாவின் அக்கா வந்திருக்கிறார்" என்றுதான் சொன்னான். தாமே கிராண்ட்மாஸ்டர் ஆனவரை!

அடித்தது போக மிஞ்சியது அவள் பெயர் மட்டுமே. ஆகவே மீண்டும் தொலைபேசியில் அழைத்து, "எந்த ஆட்டத்தைப் பற்றிச் சொல்லட்டும்?" என்று கேட்டேன். வென்ற ஆட்டத்தைச் சொல்வாள் என்று நினைத்தேன். "நாலாவது ஆட்டம்ணா. தோத்தது. ஆனா அது டிரா" என்றாள். இறுதியில் நான் மேடையில் படித்தது இவ்வளவே:

"இவர் ஆறாம் வகுப்பில் படிக்கிறார். நான்கு ஆண்டுகளாகச் சதுரங்கம் ஆடுகிறார். சென்ற திங்கள் நடந்த போட்டியில் ஒன்பது சுற்றில் ஏழரைப் புள்ளி பெற்றார். அதே புள்ளி பெற்ற இவருடைய தோழியும் இங்கே இருக்கிறார். நான்காம் சுற்றில் ஒரு யானை முடிவாட்டத்தில் தோற்றார். அதை எப்படித் தோற்காமல் இருந்திருக்கலாம் என்பதை இப்போது நமக்குக் காட்டப் போகிறார்."

படித்து முடிக்க ஒரு நிமிடம் கூட ஆகவில்லை. கைத்தட்டலும் குறைவுதான், நம் செயலாளர் என்னைச் சற்று வருத்தத்துடன் பார்த்தார். சிறுமி பலகைக்கு அருகே சென்று காய்களை அடுக்கினாள். எதிரிக்கு ஒரு யானை, ஒரு சிப்பாய். இவளுக்கு ஒரு யானை மட்டும். யானையை அந்த வரிசையிலேயே நிறுத்திக்கொண்டிருந்தால் எதிரியின் ராஜா உள்ளே நுழைய முடியாது. சிப்பாய் முன்னேறிய பிறகுதான் யானை பின்னால் போய் செக் கொடுக்கத் தொடங்க வேண்டும். "நான் அதுக்கு முன்னாடியே செக் கொடுக்கப் போயிட்டேன்" என்றாள்.

பின் வரிசையில் இருந்து அவள் தோழி எழுந்து, "இல்லே, அதுக்கப்புறமும் டிரா இருந்தது" என்றாள். இருவரும் மேடையிலேயே மராத்தியில் வாதாடத் தொடங்கினர். அடுத்த நிகழ்ச்சியான கும்மி இருபது நிமிடம் தாமதமாகத்தான் தொடங்கிற்று.