முன்பதிவு உண்மை, அழைப்பு பொய்

கோவையிலிருந்து ஒரு குடும்பம் துபாய்க்குப் போவதாக வைத்துக்கொள்வோம். இணையத்தில் மூன்று இரவுகளுக்கு அறை பதிவு செய்தாயிற்று. பணத்தை ஹோட்டலில் போய்க் கட்டினால் போதும். உத்தரவாதத்துக்காகக் கார்டு எண்ணை மட்டும் கொடுத்திருக்கிறார்கள். புறப்பட நான்கு நாள் இருக்கும்போது வாட்ஸ்அப்பில் ஓர் அழைப்பு வருகிறது. முகப்புப் படத்தில் அதே ஹோட்டலின் சின்னம். பேசுகிறவர் குடும்பத் தலைவரின் முழுப்பெயரைச் சொல்கிறார். வரும் நாள், கிளம்பும் நாள், இரட்டைக் கட்டில் அறை, காலை உணவு சேர்த்தது என எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லி, “சரிதானே சார்?” என்று கேட்கிறார். எல்லாம் சரிதான்.

பிறகுதான் விஷயத்துக்கு வருகிறார். “நீங்கள் கொடுத்த கார்டை எங்கள் கணினி ஏற்கவில்லை. இன்று மாலை ஆறு மணிக்குள் சரிபார்க்காவிட்டால் பதிவு தானாக ரத்தாகிவிடும். பணம் எதுவும் எடுக்க மாட்டோம், சரிபார்ப்பு மட்டும்தான்.” கார்டு எண், காலாவதி மாதம், பின்பக்கத்து மூன்று இலக்கம் என ஒவ்வொன்றாகக் கேட்கிறார். கடைசியில், “இப்போது ஓர் எண் வரும், அதையும் சொல்லிவிடுங்கள்” என்கிறார்.

இதில் ஏமாறுகிறவர்களை விவரம் தெரியாதவர்கள் என்று ஒதுக்குவது அநியாயம். நமக்கும் ஹோட்டலுக்கும் மட்டுமே தெரிந்திருக்க வேண்டிய செய்தி அந்தக் குரலின் கையில் இருக்கிறது. அது எப்படி அங்கே போனது என்று தெரிந்துகொண்டால்தான் இந்த மோசடியின் பிடி தளரும்.

2018 டிசம்பரில் நடந்ததைப் பாருங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் 40 ஹோட்டல்களின் ஊழியர்களிடம் மோசடிக்காரர்கள் தொலைபேசியில் பேசி, புக்கிங்.காம் தளத்தில் அந்த ஹோட்டல்கள் நுழையும் பெயரையும் கடவுச்சொல்லையும் கறந்துவிட்டார்கள். அதை வைத்து 4,109 விருந்தினர்களின் பெயர், முகவரி, தொலைபேசி எண், பதிவு விவரங்கள் ஆகியவற்றைப் பார்த்தார்கள். 283 பேரின் கார்டு விவரமும், அவர்களில் 97 பேரின் பாதுகாப்பு இலக்கமும் கூட அதில் இருந்தன. மற்றவர்களின் கார்டு விவரத்தைப் பெற என்ன செய்தார்கள் தெரியுமா? புக்கிங்.காம் ஊழியர்கள் போல அவர்களுக்கே மின்னஞ்சல் அனுப்பியும் போன் செய்தும் கேட்டார்கள். இந்தக் கசிவை உரிய நேரத்தில் தெரிவிக்காததற்காக நெதர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் அந்த நிறுவனத்துக்கு 4,75,000 யூரோ அபராதம் விதித்தது.

முதலில் ஏமாந்தது விருந்தினர் அல்ல, ஹோட்டலின் வரவேற்பறை. அதன் பிறகு வந்த முறைகளிலும் இது மாறவில்லை. 2023-இல் செக்யூர்வொர்க்ஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் ஒரு ஹோட்டலில் நடந்ததை ஆராய்ந்து வெளியிட்டது. அங்கே தங்கிப் போனவர் போல ஒருவர் எழுதுகிறார், அடையாள ஆவணத்தைத் தொலைத்துவிட்டதாக. ஊழியர் இரக்கப்பட்டுப் பதில் போடுகிறார். அடுத்த மின்னஞ்சலில், தொலைந்த ஆவணத்தின் படம் இருப்பதாகச் சொல்லி ஓர் இணைப்பு வருகிறது. அதைத் திறந்ததும் கணினிக்குள் புகுந்த கள்ள மென்பொருள், ஹோட்டல் தன் பதிவுகளைப் பார்க்கும் கணக்கின் கடவுச்சொல்லைத் திருடிவிட்டது. பிறகு அந்த ஹோட்டலின் பெயரிலேயே விருந்தினர்களுக்குச் செய்திகள் போயின. தொலைந்த பொருளைத் தேடித் தருவது வரவேற்பறை ஊழியரின் அன்றாட வேலை. அந்த நல்ல குணத்தில்தான் கை வைத்திருக்கிறார்கள்.

ஆகவே நம் பதிவு விவரம் ஒருவருக்குத் தெரிந்திருப்பது, அவர் ஹோட்டல்காரர் என்பதற்குச் சான்றாகாது. ஹோட்டலின் கணக்கே திருடர் கையில் இருந்தால், பதிவு செய்த செயலிக்குள் வரும் செய்தியும் சான்றாகாது. இந்த இரண்டாவது பலருக்குத் தெரிவதில்லை. செயலிக்குள் வந்ததாயிற்றே என்று நம்பிவிடுகிறார்கள்.

உண்மையான நடைமுறையை ஒட்டியே பொய் புனையப்படுவது இன்னொரு சிக்கல். கார்டு செல்லாவிட்டால் அதைத் தளத்தில் குறிக்க ஹோட்டலுக்கு உண்மையிலேயே வழி உண்டு; வேறு கார்டு கொடுக்கும்படி கெடுவோடு செய்தி வருவதும் உண்டு. ஆனால் புதிய கார்டை நாம் பதிவிட வேண்டிய இடம், நாமே திறந்து நுழையும் நம் கணக்கின் பதிவுப் பக்கம். போனில் வாய்மொழியாகச் சொல்வதற்கோ, வாட்ஸ்அப்பில் வரும் இணைப்பில் தட்டுவதற்கோ அங்கே வேலை இல்லை.

நம்மூர்ச் சிறு விடுதிகளின் வழக்கம் வேறு. ஊட்டியிலோ கொடைக்கானலிலோ ஒரு காட்டேஜ்காரர் உண்மையாகவே கூப்பிட்டு, முன்பணத்தை ஜிபேயில் போடச் சொல்லலாம். அப்படிப்பட்டவரையும் இந்த மோசடிக்காரரையும் குரலை வைத்துப் பிரிக்க முடியாது. பிரிக்க ஒரே வழி, அழைப்பைத் துண்டித்துவிட்டு நாமே திரும்பக் கூப்பிடுவது. அதுவும் வந்த எண்ணுக்கு அல்ல. பதிவு செய்த அன்றே வந்த உறுதிக் கடிதத்திலோ ஹோட்டலின் சொந்த இணையதளத்திலோ உள்ள எண்ணுக்கு. கூகுளில் தேடினால் முதலில் வரும் எண்ணை எடுக்காதீர்கள். போலி எண்களை அங்கே ஏற்றிவைப்பதும் இதே ஆட்களின் தொழில்தான். இணைப்பு கிடைத்ததும், “என் பதிவில் ஏதாவது பாக்கி இருக்கிறதா?” என்று மட்டும் கேளுங்கள். உண்மையான ஹோட்டல்காரர் இந்த ஐந்து நிமிடத் தாமதத்துக்குக் கோபிக்க மாட்டார். மோசடிக்காரர்தான் “லைனிலேயே இருங்கள்” என்று பிடித்து வைப்பார்.

அந்தக் குடும்பத்துக்கு வருவோம். அவர் கேட்ட எண் வரும் குறுஞ்செய்தியைப் பொறுமையாக வாசித்தால் உண்மை அதிலேயே இருக்கும். ஓடிபியோடு எவ்வளவு தொகை, யாருக்கு என்பதை வங்கிகள் வழக்கமாக எழுதுகின்றன. “சரிபார்ப்பு மட்டும்” என்றவர் பெயரில் நாற்பதாயிரம் ரூபாய் என்றோ, ஹோட்டலுக்குச் சம்பந்தமில்லாத கடைப் பெயரோ இருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். ஆனால் ஓடிபியைச் சொல்லாததாலேயே தப்பித்துவிட்டோம் என்று இருந்துவிடக் கூடாது. பல வெளிநாட்டுத் தளங்கள் ஓடிபி இல்லாமலேயே பணத்தை எடுத்துவிடும். கார்டு எண்ணும் மூன்று இலக்கமும் போயிருந்தால் கார்டே போன மாதிரிதான். வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை அணைத்துவைக்கும் வசதி உண்டு. பயணத்துக்கு முன் தேவைப்படும்போது மட்டும் திறந்தால் போதும்.

சொல்லிவிட்டவர்கள் முதலில் செய்ய வேண்டியது கார்டை முடக்குவது. அடுத்து 1930 என்ற எண்ணுக்கு அழைப்பு, cybercrime.gov.in தளத்தில் புகார், வங்கிக்கு எழுத்தில் தகவல். நாமே விவரத்தைக் கொடுத்திருந்தால், வங்கியிடம் தெரிவிக்கும்வரை நேர்ந்த நஷ்டம் நம்முடையது, தெரிவித்த பிறகு நேர்வது வங்கியினுடையது என்பது 2017-இல் ரிசர்வ் வங்கி வகுத்த விதி. யாரிடமும் சொல்ல வெட்கப்பட்டு ஓர் இரவு தள்ளிப்போட்டால் அந்த இரவின் நஷ்டமும் நம் தலையில்தான்.

இதற்கிடையே அசல் பதிவு பெரும்பாலும் எந்தச் சேதமும் இல்லாமல் அப்படியே இருக்கும். பயணத்தை ரத்து செய்யத் தேவையில்லை. ஆனால் ஹோட்டலையும் பதிவு செய்த தளத்தையும் கூப்பிட்டு, நடந்ததைச் சொல்லுங்கள். அவர்கள் கடவுச்சொல்லை மாற்றிக் கணினியைச் சுத்தம் செய்யும்வரை, அடுத்த வாரம் அங்கே வரவிருக்கும் எல்லோருடைய பெயரும் தேதியும் அதே ஆட்களின் பார்வையில் இருக்கின்றன.