"நிறுத்துன்னா எதை நிறுத்தணும், அண்ணா?"

என்னோட கான்ட்ராக்ட் இந்த வெள்ளிக்கிழமையோட முடியுது. அதனால இந்த வாரம் பூரா பிளெய்ன்ஸ்பரோ வீட்டு டைனிங் டேபிள்ல உட்கார்ந்து நான் எழுதினது கோட் இல்லை, ஒரு ஒப்படைப்புக் குறிப்பு. ஒரு சின்ன வர்த்தக நிறுவனத்துக்காக ரெண்டு வருஷமா நான் கவனிச்சுக்கிட்ட ஸ்ட்ராட்டஜியை, திங்கட்கிழமை காலை 9:30-க்கு மார்க்கெட் திறக்கும்போது ஒரு தங்கச்சி தனியா ஓட்டப் போறாங்க. எடிசன்ல பிறந்து வளர்ந்தவங்க. நல்ல எஞ்சினியர், ஆனா டிரேடிங் புதுசு.

ஸ்ட்ராட்டஜி எளிமையானதுதான். கோகோ கோலா, பெப்ஸி ரெண்டும் ஒரே தொழில். பங்கு விலைகள் பெரும்பாலும் சேர்ந்தே ஏறும், இறங்கும். நடுவுல இருக்கிற இடைவெளி வழக்கத்தைவிட அகலமானா, மலிவா இருக்கிறதை வாங்கி, விலை கூடினதைக் கடன் வாங்கி விக்கணும். இடைவெளி சுருங்கினதும் ரெண்டையும் ஒண்ணா முடிச்சுக்கணும். "வழக்கத்தைவிட எவ்வளவு அகலம்" என்பதை அளக்கிற எண்ணுக்குப் பேர் z.

முதல் வரைவுல "60, 2, 0.5" என்று மூணு எண்ணை எழுதி விட்டுட்டேன். எனக்குத் தெரியுமே! படிச்சுட்டு உடனே கேட்டாங்க: "அண்ணா, 60-ன்னா என்ன? காலண்டர் நாளா, மார்க்கெட் திறந்திருக்கிற நாளா?" நியாயமான கேள்வி. மார்க்கெட் நாள் அறுபதுன்னா கிட்டத்தட்ட மூணு மாசம். காலண்டர் நாள்னா ரெண்டே மாசம். இடைவெளியோட சராசரியே மாறிடும். அலகை எல்லாம் பேர்லயே சேர்த்துத் திருத்தினேன்:

```
LOOKBACK_TRADING_DAYS = 60
ENTRY_Z = 2.0
EXIT_Z = 0.5
HALT_Z = 4.0
MAX_GROSS_USD = 200000
MAX_DAY_LOSS_USD = 3000
```

ஒவ்வொண்ணுக்கும் கீழே, ஏன் இந்த எண், யார் மாத்தலாம் என்று ஒரு வரி. கடைசி ரெண்டையும் அவங்களே குறைச்சுக்கலாம், யாரையும் கேட்க வேண்டாம். கூட்டணும்னா மேனேஜர் கையெழுத்து வேணும்.

`HALT_Z`-க்கு மட்டும் ஒரு பாராவே தேவைப்பட்டது. z பெருசாக ஆக வாய்ப்பும் பெருசுன்னு தோணும். ஆனா பெப்ஸி ஒரு பங்கை ரெண்டாப் பிரிக்குதுன்னு வச்சுக்குவோம். ஒரே ராத்திரியில விலை பாதி. நம்ம பழைய விலைப் பட்டியலை யாரும் சரி பண்ணலைன்னா, புரோகிராமுக்கு அது பெப்ஸி சரிஞ்ச மாதிரித்தான் தெரியும். லாக் கணக்குல 0.69 சரிவு, இடைவெளியோட திட்ட விலக்கம் 0.02-ன்னா z மைனஸ் 35-க்குப் பக்கத்துல போகும். உலகத்துலயே மலிவான பெப்ஸின்னு நினைச்சு அது வாங்க ஆரம்பிக்கும். அதனால 4-ஐத் தாண்டினா வாய்ப்புன்னு பார்க்கக்கூடாது. விலைத் தரவு கெட்டிருக்கு, இல்லை கம்பெனியில ஏதோ நடந்திருக்குன்னு எடுத்துக்கணும்.

இதுவரைக்கும் சரி. அடுத்த கேள்விதான் என்னை மடக்கிடுச்சு. "z 4 தாண்டினால் நிறுத்தவும்-னு போட்டிருக்கீங்க. எதை நிறுத்தணும்? புரோகிராமையா, ஆர்டரையா, இல்ல கையில இருக்கிற பங்கை வித்துடணுமா?"

அவங்களுக்குப் பதில் சொல்லாம, நைட் கேப்பிட்டல் கதையைச் சொன்னேன். நம்ம ஊர்லேர்ந்து ரயில்ல போயிடக்கூடிய ஜெர்சி சிட்டியில நடந்ததுதான்.

2012 ஆகஸ்ட் 1. நியூயார்க் பங்குச்சந்தையில சில்லறை முதலீட்டாளர்களுக்கான புதுத் திட்டம் அன்னைக்குத்தான் தொடங்குது. அதுக்கான புது கோட்-ஐ நைட் முன்னாடியே எட்டு சர்வர்ல ஏத்தணும். ஏழுல ஏறிச்சு, எட்டாவதுல விட்டுப்போச்சு. இன்னொருத்தர் சரிபார்க்கணும்னு எழுதி வச்ச விதி எதுவும் அங்கே இல்லை. அந்த எட்டாவது சர்வர்ல, 2003-லயே பயன்படுத்துறதை நிறுத்திட்ட 'பவர் பெக்' என்ற பழைய கோட் இன்னும் உட்கார்ந்திருந்தது. அதை எழுப்புற அதே ஃபிளாகைத்தான் புது கோட்-க்கும் எடுத்திருந்தாங்க. ஆர்டர்ல எவ்வளவு நிறைவேறிச்சுன்னு எண்ற பகுதியை 2005-ல வேற இடத்துக்கு நகர்த்தினப்போ, பவர் பெக்கை யாரும் திரும்பச் சோதிக்கலை. அதனால அது நிறைவேறினதை எண்ணாமலே அடுத்தடுத்து ஆர்டர் அனுப்பிக்கிட்டே இருந்தது. வந்தது 212 சின்ன ஆர்டர். 45 நிமிஷத்துல நடந்தது 40 லட்சம் பரிவர்த்தனை, 154 பங்குகள்ல. நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல.

மார்க்கெட் திறக்கிறதுக்கு முன்னாடியே, காலை 8 மணியிலிருந்து, இந்தப் பிழையைச் சொல்லி 97 தானியங்கி மின்னஞ்சல் ஊழியர்களுக்குப் போயிருந்தது. எச்சரிக்கையா வடிவமைக்காத மெயில்ங்கிறதால யாரும் பார்க்கலை.

எனக்கு வயித்தைக் கலக்குறது அதுக்கு அப்புறம் நடந்தது. இன்னைக்கு மாத்தினதுதான் தப்புன்னு முடிவு பண்ணி, சரியா இருந்த ஏழு சர்வர்லயும் புது கோட்-ஐ எடுத்துட்டாங்க. இப்போ பழைய பவர் பெக் அங்கேயும் ஓட ஆரம்பிச்சது. மார்க்கெட் திறந்திருக்கும்போது கோளாறு வந்தா என்ன செய்யணும்னு வழிகாட்ட அவங்ககிட்ட நடைமுறை எதுவும் இல்லைன்னு அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையமான எஸ்.இ.சி. 2013 அக்டோபர்ல போட்ட ஆணையில சொன்னது. 1.2 கோடி டாலர் அபராதம். நானும் அந்த அறையில இருந்திருந்தா, அதே ரோல்பேக்கைத்தான் பண்ணியிருப்பேன்.

அன்னைக்கு ராத்திரி "நிறுத்தவும்" என்ற ஒரு சொல்லை மூணாப் பிரிச்சு எழுதினேன்.

முதல்ல `touch HALT`. அந்தக் கோப்பைப் பார்த்ததும் புரோகிராம் புது ஆர்டர் அனுப்பாது, ஆனா வர்ற விவரத்தைப் பதிவு பண்ணிக்கிட்டே இருக்கும். முதல் வேலையா `kill` கொடுக்கக்கூடாது. ஏற்கெனவே அனுப்பின ஆர்டர் புரோக்கர்கிட்ட உயிரோடதான் இருக்கும்; நிறைவேறினா எழுதி வைக்கத்தான் ஆள் இருக்காது.

ரெண்டாவது, நிலுவையில இருக்கிற ஆர்டரை எல்லாம் புரோக்கரோட திரையிலிருந்தே ரத்து பண்ணணும். சந்தேகமே நம்ம புரோகிராம் மேலங்கிறப்போ, அது வழியா ரத்து பண்றதுல அர்த்தமில்லை.

மூணாவது, கையிருப்பு. கோக், பெப்ஸி ரெண்டு பக்கமும் சமமா இருந்தா தொடவே வேண்டாம், ஒண்ணை ஒண்ணு தாங்கும். ஒரு பக்கம் மட்டும் வாங்கி மறுபக்கம் நிறைவேறலைன்னா, அஞ்சு நிமிஷத்துக்குள்ள அந்த ஒத்தைப் பக்கத்தை மூடணும். பதற்றத்துல ஜோடியில ஒண்ணை மட்டும் விக்கிறதுதான் இருக்கிறதுலயே மோசமான தப்பு. மார்க்கெட் மூடுற வரைக்கும் கோட்-ல கை வைக்கக்கூடாது, பழைய பதிப்புக்குத் திரும்பறதும் சேர்த்து.

திரும்ப ஆரம்பிக்கணும்னா, புரோக்கர் காட்டுற பங்கு எண்ணிக்கையும் `positions.csv`-ல இருக்கிறதும் ஒரு பங்கு வித்தியாசம் இல்லாம ஒத்துப்போகணும். இல்லைன்னா நம்ம புரோகிராமும் கையில ஒண்ணுமில்லைன்னு நினைச்சு இன்னொரு தடவை வாங்கும். பவர் பெக்குக்கு ரொம்ப தூரத்துச் சொந்தம்.

எப்போ நிறுத்தணும் என்ற பட்டியல்ல z-ம் அன்றைய நஷ்டமும் ஏற்கெனவே இருந்தது. 60 விநாடியா விலை அசையலைன்னா நிறுத்தணும்னு சேர்த்தேன். இதெல்லாம் மெயில்ல வராது, போன் அடிக்கும். கடைசியா ஒண்ணு: போன ஆர்டர் ஏன் போச்சுன்னு ஒரு நிமிஷத்துக்குள்ள உங்களால விளக்க முடியலைன்னா நிறுத்தலாம், யார்கிட்டயும் அனுமதி வேண்டாம். மேனேஜர் இந்த வரிக்கு முகம் சுளிச்சார். இந்த ஸ்ட்ராட்டஜி ஒரு நாள் சும்மா இருந்தா என்ன குறையும்னு பழைய பதிவை எடுத்துக் காட்டினேன், விட்டுட்டார்.

புதன்கிழமை போலிப் பண அக்கவுண்ட்ல ஒத்திகை. நான் வாயே திறக்கக்கூடாதுன்னு பேச்சு. வேணும்னே பெப்ஸி விலையைப் பாதியாக்கினேன். போன் அடிச்சது, `touch HALT` போட்டாங்க, புரோக்கர் திரைக்குப் போனாங்க. லாகின் ஆகலை. அப்போ புரோக்கர் டெஸ்க்குக்கு போன் பண்ணணும்னு குறிப்புல இருக்கு. நம்பர் இல்லை. அது என் செல்போன் கான்டாக்ட்ஸ்ல மட்டும்தான் இருந்தது. அக்கவுண்ட் பத்தி போன்ல பேச அனுமதிக்கப்பட்டவங்க பட்டியல்லயும் என் பேர் ஒண்ணுதான்.

அந்தப் பட்டியல்ல அவங்க பேரைச் சேர்க்கிற படிவம் நேத்து போயிருக்கு. வெள்ளிக்குள்ள வரலைன்னா திங்கட்கிழமை ஸ்ட்ராட்டஜி ஓடாதுன்னு குறிப்போட முதல் வரியிலயே எழுதிட்டேன்.