பேர் வரவில்லையா, பொருளைச் சொல்லுங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை. குளியலறைக் குழாயைச் சுவரோடு மாட்டிய இடத்தில் தண்ணீர் கசிகிறது. பிளம்பருக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல், தானே கழற்றி மாட்டிவிடலாம் என்று ஒருவர் தெருமுனை ஹார்டுவேர் கடைக்குப் போகிறார். வேண்டிய பொருள் கண்ணுக்குள் நிற்கிறது; பேர்தான் வரவில்லை.

“அண்ணே, குழாய்க்குப் போடுவாங்கல்ல, அது ஒண்ணு குடுங்க.”

கடைக்காரர் வாஷரை எடுத்து வைக்கிறார்.

“இது இல்லண்ணே. லீக் ஆகாம இருக்கப் போடுறது.”

பி.வி.சி. பைப் ஒட்டும் சொல்யூஷன் வருகிறது.

“இல்லண்ணே, வெள்ளையா இருக்கும்.”

கடையில் பாதிச் சாமான் வெள்ளைதான். பின்னால் இரண்டு பேர் வந்து நின்றுவிட்டார்கள். வந்தவர் ஆள்காட்டி விரலைச் சுற்றிக் காட்டியபடி இன்னொரு முறை முயல்கிறார். “டேப்பு மாதிரிண்ணே, ஆனா பசை இருக்காது. குழாய் மரையில நாலு சுத்து சுத்திட்டு அப்புறம் முடுக்குவாங்க.”

“டெஃப்லான் டேப்புன்னு சொல்லுங்க!” பொருள் மேசைக்கு வந்துவிட்டது.

மூன்று முறை தோற்ற விளக்கம் நான்காவது முறை ஏன் ஜெயித்தது? முதல் மூன்றிலும் பொய் எதுவும் இல்லை. குழாய்க்குப் போடுவதுதான், கசிவை நிறுத்துவதுதான், வெள்ளைதான். ஆனால் கடையில் உள்ள வேறு பல பொருள்களுக்கும் அவை பொருந்தும். கடைசி வாக்கியம் மூன்று வேலை செய்தது. முதலில் ‘டேப்பு மாதிரி’ என்று இனத்தைச் சொன்னது. அடுத்து ‘பசை இருக்காது’ என்று அந்த இனத்தில் மற்றவற்றைக் கழித்துவிட்டது. பிறகு மரையில் சுற்றி முடுக்குவது என்று கை செய்யும் காரியத்தைக் காட்டியது. கடைக்காரருக்கு அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை.

பேர் மறந்த பிறகும் இத்தனை விவரம் எப்படி மிச்சமிருக்கிறது என்பது உளவியலாளர்களை நெடுநாளாகவே இழுத்த கேள்வி. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோஜர் பிரவுன், டேவிட் மெக்நீல் இருவரும் 1966-இல் இதைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதிகம் புழங்காத 49 சொற்களை எடுத்துக்கொண்டு, அவற்றின் விளக்கத்தை மட்டும் மாணவர்களுக்குப் படித்துக் காட்டி, சொல் என்ன என்று கேட்டார்கள். கடலில் சூரியன், நட்சத்திரங்களின் உயரத்தை அளந்து கப்பல் இருக்கும் இடத்தைக் கணிக்க உதவும் செக்ஸ்டன்ட் என்ற கருவியும் அதில் ஒன்று. சில மாணவர்களுக்கு ‘தெரியும், ஆனால் வாயில் வரவில்லை’ என்ற நிலை. சிலர் திசைகாட்டி, கோணமானி என்று பொருளில் நெருங்கிய சொற்களைச் சொன்னார்கள். சிலர் ஒலியில் நெருங்கிய சொற்களை, ஆங்கிலத்தில் ‘செக்ஸ்’ என்று தொடங்குகிற வேறு சொற்களை, சொன்னார்கள். நுனிநாக்கில் நின்ற சொல்லின் முதல் எழுத்தைப் பாதிக்கு மேற்பட்ட தடவை சரியாகவே ஊகித்தார்கள்.

இதிலிருந்து தெரிவது, சொல் மூளையில் ஒரே கட்டியாக உட்கார்ந்திருக்கவில்லை என்பது. பொருள் ஓரிடத்தில், ஒலி இன்னோரிடத்தில். இரண்டுக்கும் நடுவே ஓர் இணைப்பு. நுனிநாக்கில் நிற்கும்போது பொருள் முழுதாகக் கையில் இருக்கிறது, ஒலிக்குப் போகும் இணைப்பு மட்டும் தற்சமயம் தளர்ந்திருக்கிறது. சொல்லாமல் விவரிக்க முடிகிறதென்றால் அதற்கு இதுதான் காரணம். அதிகம் புழங்காத சொற்களிலும், வயது ஏறும்போதும் இந்தத் தளர்ச்சி கூடும். இரண்டு மொழிகளை மாறி மாறிப் பேசுகிறவர்களுக்கு இது இன்னும் அடிக்கடி நேர்கிறது. வீட்டில் தமிழும் அலுவலகத்தில் ஆங்கிலமுமாக இருப்பவர்கள் இதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை.

சரி, சொல் வரவில்லை. அங்கேயே நின்று முட்டிமோதிப் பார்க்கலாமா? கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் கேரின் ஹம்ஃப்ரீஸும் எமி வாரினரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே உதவும். நுனிநாக்கில் சொல் சிக்கியவர்களில் சிலரை 10 விநாடியும் சிலரை 30 விநாடியும் தவிக்கவிட்டு, பிறகு விடையைச் சொன்னார்கள். இரண்டு நாள் கழித்து அதே விளக்கங்களைக் கேட்டபோது, அதிக நேரம் தவித்த சொற்களிலேயே மறுபடி சிக்குவது கூடுதலாக இருந்தது. தவிக்கிற நேரத்தில் மூளை சொல்லைக் கற்றுக்கொள்ளவில்லை, தவிப்பைத்தான் கற்றுக்கொள்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். ஆகவே கண்ணை மூடி, நெற்றியைத் தட்டி, எதிரில் இருப்பவரை அரை நிமிடம் காக்கவைப்பதைவிட உடனே விவரித்துக் கேட்டுவிடுவது இரண்டு வகையில் நல்லது: பேச்சும் நிற்காது, அடுத்த முறை சிக்குவதும் குறையும்.

தமிழில் இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. “அந்த இதை எடுத்து இதுல வெச்சு இது பண்ணிடு” என்று அம்மா சொன்னால், மகள் சல்லடையை எடுத்து மாவைச் சலித்துவிடுவாள். ஒரே அடுக்களை, ஒரே கண் ஜாடை, கையில் இருக்கிற மாவு டப்பா எல்லாம் சேர்ந்து அந்த ‘இது’வுக்குப் பொருள் தருகின்றன. அதே வாக்கியம் தொலைபேசியில் போனால் ஒன்றுக்கும் உதவாது. அங்கே, “ஓட்டை ஓட்டையா இருக்குமே, அது” என்றாலும் போதாது; டீ வடிகட்டிக்கும் ஓட்டைதான், இட்லித் தட்டுக்கும் ஓட்டைதான். “மாவு கீழே இறங்கும், கப்பி மேல தங்கும்” என்றால் முடிந்தது. பக்கத்துப் பொருளிலிருந்து எது பிரிக்கிறதோ அந்த ஒரு விவரத்தைத் தேடுவதுதான் இதில் உள்ள சாமர்த்தியம். நிறமும் அளவும் வாயில் முதலில் வரும், ஆனால் பெரும்பாலும் அவை பிரித்துக் காட்டாது. என்ன செய்கிறோம், எப்படிச் செய்கிறோம் என்பது காட்டும்.

புது மொழி பேசப் பழகுகிறவர்களுக்கு இது அன்றாடப் பிழைப்பு. மொழி கற்பவர்கள் சொல் தெரியாதபோது என்ன செய்கிறார்கள் என்று 1970-களில் ஆராய்ந்த அமெரிக்க மொழியியலாளர் எலைன் டரோன், அவர்களுடைய உத்திகளைப் பெயரிட்டு வகைப்படுத்தினார். ஆங்கிலம் படிக்கும் ஒருவருக்கு பலூன் என்ற சொல் தெரியவில்லை. ‘காற்றுப்பந்து’ என்று தானே ஒரு சொல்லைக் கட்டிவிட்டார். இன்னொருவருக்கு ஹூக்காவின் ஆங்கிலப் பேர் தெரியவில்லை. படத்தில் இருக்கும் பெண் எதையோ புகைக்கிறாள், அது பாரசீகத்தில் பிறந்தது, துருக்கியில் நிறையப் பயன்படுத்துவோம் என்று சொல்லிக்கொண்டு போனார். சொல் கடைசிவரை வரவில்லை. ஆனாலும் கேட்டவருக்குப் பொருள் புரிந்தது, கதை அடுத்த கட்டத்துக்கு நகர்ந்தது. சென்னையில் கட்டட வேலைக்கு வந்திருக்கும் வடமாநிலத் தொழிலாளியும் தமிழ் மேஸ்திரியும் நாள் முழுக்கச் செய்வது இதைத்தான். கொஞ்சம் தமிழ், கொஞ்சம் இந்தி, மீதி கை.

கேட்கிறவர் பக்கத்திலும் ஒரு வேலை இருக்கிறது. மறந்தவர் விவரித்துக்கொண்டிருக்கும்போதே பத்துச் சொற்களை எடுத்து வீசினால் அவர் ஒவ்வொன்றையும் ‘இல்லை, இல்லை’ என்று தள்ளுவதில்தான் மாட்டிக்கொள்வார். அதைவிட, “எதுக்குப் பயன்படும்?” “எங்க மாட்டுவீங்க?” என்று ஒரு கேள்வி கேட்கலாம். சொல் இன்னதென்று கேட்பவருக்குப் பிடிபட்டுவிட்டால் முழுதாகச் சொல்லாமல் முதல் எழுத்தை மட்டும் எடுத்துக் கொடுப்பதும் நல்ல வழி. அறுந்திருப்பது ஒலிக்குப் போகும் இணைப்பு என்பதால் ஒலியில் ஒரு துணுக்கு கிடைத்தாலே பல நேரம் மீதி தானே வந்துவிடும்.

விவரித்துச் சமாளிக்கக் கூடாத இடமும் உண்டு. மருந்துக்கடை அதில் முதலாவது. “பிரஷர் மாத்திரை, சின்னதா, வெள்ளையா இருக்கும்” என்ற விளக்கத்துக்கு எத்தனையோ மாத்திரைகள் பொருந்தும். ஒரே மருந்தை ஒரு கம்பெனி வெள்ளையாகவும் இன்னொரு கம்பெனி இளஞ்சிவப்பாகவும் விற்கும். அளவும் மாறும். அங்கே பழைய அட்டையையோ டாக்டர் சீட்டையோ நீட்டுவதைத் தவிர வேறு வழி கிடையாது. ஆட்களின் பேரும் ஒரு சிக்கல்தான். சல்லடை சலிக்கும், வடிகட்டி வடிகட்டும். ஆனால் முருகேசன் என்பவர் முருகேசன் என்று அழைக்கப்பட அவரிடம் எந்தக் குணமும் தேவையில்லை. எவ்வளவு விவரித்தாலும் பேச்சாளருக்குப் பேர் நினைவு வருவது அபூர்வம். “தபால் ஆபீஸ்ல இருந்தாரே, பெரிய மீசை, நம்ம மாமாவோட சகலை” என்றால் கேட்பவருக்கு ஆள் தெரிந்துவிடும். பேச்சு நகர அதுவே போதும்.

சொல் தேடுவது நோயாகிவிடுவதும் உண்டு. பக்கவாதத்தால் மூளையின் மொழிப் பகுதி பாதிக்கப்பட்டவர்களில் பலருக்கு நேற்றுவரை பேசிய சொற்களே வருவதில்லை. 1995-இல் மேரி பாயில், கார்ல் கோயெல்ஹோ என்ற பேச்சுச் சிகிச்சை ஆய்வாளர்கள் அத்தகைய ஒருவரிடம் ஒரு முறையைச் சோதித்துப் பார்த்தார்கள். நடுவில் ஒரு படம், சுற்றிலும் ஆறு கட்டங்கள்: இது எந்த இனம், எதற்குப் பயன்படும், என்ன செய்யும், எப்படி இருக்கும், எங்கே இருக்கும், எதை நினைவூட்டும். நோயாளி பேரைத் தேடாமல் கட்டங்களை ஒவ்வொன்றாக நிரப்புகிறார். கத்தரிக்கோல் என்றால் ‘கருவி, துணி வெட்ட, இரண்டு அலகு, தையல்கடை’ என்று போகும். பல தடவை நிரப்பும் வழியிலேயே சொல் வந்துவிடுகிறது. வராவிட்டாலும் எதிரில் இருப்பவருக்குப் புரிந்துவிடுகிறது. இன்றைக்கும் பேச்சுச் சிகிச்சையாளர்கள் கையாளும் முறை இது. வீட்டுக்காரர்களும் கற்றுக்கொண்டு செய்யலாம், தமிழிலேயே செய்யலாம்.

வீட்டில் பெரியவர் ஒருவர் சொற்களை மறக்கிறார் என்றால், அவர் விவரிக்கிறாரா என்று கவனியுங்கள். பேரை மறந்து, “பூட்டைத் திறப்போமே, அது” என்றால் பொருள் பத்திரமாக இருக்கிறது. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அது எதற்கென்றே சொல்ல முடியவில்லை என்றால், நரம்பியல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். காலையில் நன்றாகப் பேசியவருக்குத் திடீரென்று சொல் குழறி, வாய் ஒரு பக்கம் கோணினால் அல்லது ஒரு கை தளர்ந்தால், அப்போது விவரிக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை, தொடங்கிய நேரத்திலிருந்து பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்.